வாடிக்கையாளர் கேட்பதே அடுத்த தலைப்பு

சிறுதொழிலும் எழுத்தும் – 11

வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகளைத் திரட்டி, வகை பிரித்து, அவற்றிலிருந்தே கட்டுரைக்கும் வீடியோவுக்கும் தலைப்பு எடுக்கும் முறைக்கு நன்கு பதிவான ஓர் உதாரணம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் கிடைக்கிறது. 2001இல் தொடங்கப்பட்ட ரிவர் பூல்ஸ் அண்ட் ஸ்பாஸ் என்ற நிறுவனம் அங்கே வீடுகளுக்கு ஃபைபர்கிளாஸ் நீச்சல் குளம் அமைத்துத் தருகிறது. 2008இல் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தபோது, வீட்டுக் கடனை நம்பி நீச்சல் குளம் கட்டவிருந்தவர்கள் பின்வாங்கினார்கள். நிறுவனம் மூழ்கும் நிலைக்கு வந்தது. விளம்பரத்துக்குச் செலவிடப் பணம் இல்லை.

நிறுவனத்தின் பங்குதாரர்களில் ஒருவரான மார்கஸ் ஷெரிடன், 2009இல் ஒரு எளிய வேலையைத் தொடங்கினார். பல ஆண்டுகளாக வீடு வீடாகப் போய்ப் பேசியபோது வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளை நினைவிலிருந்து எழுதிப் பட்டியல் போட்டார். ஒவ்வொரு கேள்வியையும் கேட்டவர்களின் சொற்களிலேயே தலைப்பாக வைத்து, இரவு நேரங்களில் ஒவ்வொன்றாகப் பதில் எழுதி இணையத்தில் வெளியிட்டார்.

முதலில் எடுத்த கேள்விகளில் ஒன்று, ஃபைபர்கிளாஸ் நீச்சல் குளத்துக்கு எவ்வளவு செலவாகும் என்பது. அந்தத் தொழிலில் ஏறக்குறைய எல்லோரும் தவிர்த்த கேள்வி அது. இடத்தைப் பார்க்காமல் விலை சொல்ல முடியாது, போட்டியாளருக்குத் தெரிந்துவிடும், விலையைப் பார்த்தே ஆள் ஓடிவிடுவார் என்ற மூன்று காரணங்கள் வழக்கமாகச் சொல்லப்பட்டன. ஷெரிடன் ஒற்றை விலை எதையும் எழுதவில்லை. எந்த அளவுக்கு எந்த வரம்பில் செலவாகும், அந்த வரம்புக்குள் விலையை ஏற்றுவது எது, இறக்குவது எது என்று விளக்கினார். அந்த ஒரு கட்டுரையின் வழியாகவே நிறுவனத்துக்குப் பெரும் விற்பனை வந்தது என்று அவர் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். 2013இல் நியூயார்க் டைம்ஸ் இந்த முறையைப் பற்றி எழுதியது. 2017இல் ஷெரிடன் இதையே ஒரு புத்தகமாக்கினார்.

அவர் எழுதிய இன்னொரு கட்டுரை, ஃபைபர்கிளாஸ் குளத்தின் குறைகளைப் பற்றியது. தொழிற்சாலையில் ஒரே ஓடாக வார்க்கப்படும் இந்தக் குளம் லாரியில் ஏற்றப்பட்டுச் சாலை வழியாக வர வேண்டும். ஆகவே அதன் அகலம் ஏறக்குறைய 16 அடிக்கு மேல் போவது அரிது. விரும்பிய வடிவத்தில் வேண்டும் என்பவருக்குக் கான்கிரீட் குளம்தான் சரிப்படும். இதை விற்பவரே எழுதியபோது, பெரிய குளம் வேண்டியவர்கள் வேறு இடம் தேடிப் போனார்கள். சிறிய குளம் போதும் என்பவர்கள் தெளிவோடு வந்தார்கள். விற்பனையாளர் வீட்டுக்கு வருவதற்கு முன்பே முப்பது பக்கங்களுக்கு மேல் படித்திருந்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் வாங்கினார்கள் என்று ஷெரிடன் தன் அனுபவக் கணக்கைத் தருகிறார். வாங்கும் எண்ணம் ஏற்கெனவே வலுவாக இருப்பவர்தான் முப்பது பக்கம் படிப்பார் என்பதால், இந்தக் கணக்கைப் படிப்பின் பலனாக மட்டும் கொள்ள முடியாது. ஆனாலும் யாரிடம் நேரில் போவது பயன் தரும் என்பதை அது காட்டிவிடுகிறது.

வாங்குபவர்கள் இணையத்தில் தேடுபவற்றை அவர் ஐந்து கூடைகளாகப் பிரித்தார்: விலை, குறைகள், ஒப்பீடு, மற்றவர்களின் அனுபவம், இருப்பதில் சிறந்தது எது என்பது. தொழில் எதுவானாலும் பணம் கொடுப்பதற்கு முன் எழும் கேள்விகளில் பெரும்பகுதி இவற்றில் அடங்கிவிடும். வாங்கிய பிறகு எழும் கேள்விகள் வேறு வகை. அவற்றுக்கு இந்த ஐந்து கூடைகள் போதா. இரண்டு வகைகளையும் ஒருசேரக் கையாளும் முறையைப் பார்க்க, தமிழ் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு பொருளை எடுத்துக்கொள்வது வசதி. கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் விற்று, பழுதும் பார்க்கும் ஒரு கடை, வாரம் ஒரு வீடியோ வெளியிட நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

கேட்டபடியே எழுதுதல்

கடைக்குக் கேள்விகள் வரும் வழிகள் ஐந்து: கல்லாவில் நேரில் கேட்பது, தொலைபேசி, வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவுகள், வீட்டுக்குப் பழுது பார்க்கப் போகும் மெக்கானிக்கிடம் கேட்பது, ஏற்கெனவே வெளியிட்ட வீடியோவின் கீழ் வரும் கமெண்ட். இவற்றில் கமெண்ட் மட்டுமே தானாக எழுத்தில் பதிவாகிறது. மற்ற நான்கும் எழுத்தில் ஏறாமலே போய்விடுகின்றன. ஆனால் வாங்கப்போகிறவர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் அந்த நான்கு வழிகளில்தான் வருகின்றன. எனவே முதல் வேலை, கல்லாவில் ஒரு நீளமான நோட்டு வைப்பது. மெக்கானிக்கின் பையில் இன்னொன்று. கணினியில் எழுதுவதானால் ஒரு விரிதாள் போதும்.

நோட்டில் நான்கு பத்திகள் இருந்தால் போதும். தேதி, எந்த வழியாக வந்தது, வாங்கும் முன்பா பின்பா, கேட்ட வாக்கியம். கடைசிப் பத்திதான் அகலமாக இருக்க வேண்டும். அதில் கேட்டவரின் வாய்மொழி அப்படியே ஏற வேண்டும். "அண்ணா, மாவு பொங்கவே மாட்டேங்குது, உளுந்து மாத்தியும் பாத்தாச்சுங்க" என்று ஒருவர் சொன்னால், அந்த முழு வாக்கியமும் எழுதப்பட வேண்டும். கடைக்காரர் அதை "மாவின் தரம்" என்று சுருக்கி எழுதினால் இரண்டு செய்திகள் தொலைந்துபோகும். ஒன்று, மக்கள் தேடும்போதும் பேசும்போதும் பயன்படுத்தும் சொல் "பொங்குவது" என்பது. அதுவே நாளை வீடியோவின் தலைப்பில் வர வேண்டிய சொல். இரண்டு, அவர் உளுந்தை ஏற்கெனவே மாற்றிப் பார்த்துவிட்டார் என்பது. அவருக்கு "நல்ல உளுந்து வாங்குங்கள்" என்று பதில் சொன்னால் அது பதிலாகாது.

கேள்வி எப்போதும் கேள்வி வடிவில் வராது என்பதையும் எழுதுபவர் அறிந்திருக்க வேண்டும். கல்லாவில் நிற்கும் ஒரு அம்மா, காட்சிக்கு வைத்திருக்கும் கிரைண்டரின் கல்லைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பாரமா இருக்குதுங்களே" என்கிறார். அது குறை சொல்வதைப் போலத் தோன்றும். அவர் உண்மையில் கேட்பது, தினமும் இதைத் தூக்கிக் கழுவ என்னால் முடியுமா என்பது. நோட்டில் வாக்கியத்தை அப்படியே எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "கழுவுவது – வயதானவர்" என்று ஒரு குறிப்பு போட்டால், பின்னர் வகை பிரிக்கும்போது உதவும். பாராட்டுகளிலும் கேள்வி ஒளிந்திருக்கும். "எங்க மாமியாரோட பழைய கல்லுல அரைச்ச மாதிரியே வருது" என்ற கமெண்ட், அந்த ருசி இந்தக் கிரைண்டரில் வருமா என்று யோசிக்கும் நூறு பேரின் கேள்விக்கு விடை சொல்கிறது.

கமெண்ட்டுகளைப் பார்ப்பதற்கு யூடியூப் ஸ்டுடியோவில் ஒரு வசதி உண்டு. அதன் கமெண்ட் பக்கத்தில் `Contains questions` என்ற வடிகட்டியைத் தேர்ந்தெடுத்தால், கேள்வி இருப்பதாக அது கருதும் கமெண்ட்டுகள் மட்டும் தனியே வரும். நூற்றுக்கணக்கில் கமெண்ட் வரும் சேனலுக்கு இது முதல் சுற்றில் உதவும். ஆனால் "பாரமா இருக்குதுங்களே" போன்ற வாக்கியம் எந்த வடிகட்டியிலும் சிக்குமென்று நம்ப முடியாது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுபவர்கள் ஒரே சொல்லை ஐந்து விதமாக எழுதுகிறார்கள். எனவே வாரம் ஒருமுறையாவது எல்லாக் கமெண்ட்டுகளையும் கண்ணால் வாசிப்பதே நல்லது. வாசித்து நோட்டில் ஏற்றும்போது பெயர், தொலைபேசி எண், முகவரி எதையும் சேர்க்கக் கூடாது. தலைப்புக்குத் தேவை கேள்வி மட்டுமே.

பதிலைக் கொண்டு பிரித்தல்

இரண்டு மாதம் எழுதினால் நோட்டில் சில நூறு வரிகள் சேர்ந்துவிடும். அடுத்த வேலை அவற்றைக் குவியல்களாகப் பிரிப்பது. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஒரே சொல் வரும் கேள்விகளை ஒரே குவியலில் போடுவது இயல்பாகத் தோன்றும். ஆனால் பிரிக்க வேண்டியது கேள்வியில் இருக்கும் சொல்லைக் கொண்டு அல்ல, அதற்குச் சொல்ல வேண்டிய பதிலைக் கொண்டு.

"சத்தம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். நோட்டில் அந்தச் சொல் வரும் வரிகள் பல இருக்கும். ஒருவர் கீச்சென்று சத்தம் வருகிறது என்கிறார். பெல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது தண்ணீர் பட்டு வழுக்கலாம். இன்னொருவர் கடகடவென்று சத்தம் வருகிறது என்கிறார். கல் சரியாக உட்காராமலோ, உள்ளே எதுவும் போடாமல் ஓட்டுவதாலோ அது வரலாம். மூன்றாமவர் "உம்முனு சத்தம் மட்டும் வருது, சுத்த மாட்டேங்குது" என்கிறார். மோட்டாருக்கு மின்சாரம் போகிறது, ஆனால் கிளம்பும் விசை இல்லை. கெப்பாசிட்டர் பலவீனமாகியிருக்கலாம், மின்னழுத்தம் குறைவாக இருக்கலாம், டிரம்மில் அளவுக்கு மேல் போட்டிருக்கலாம். இவை மூன்று வெவ்வேறு வீடியோக்கள். மூன்றையும் "கிரைண்டரில் சத்தம் வருவது ஏன்" என்று ஒன்றாக்கினால், கீச் சத்தக்காரர் தன் பதில் வருவதற்குள் வீடியோவை மூடிவிடுவார்.

எதிர்ப்பக்கமும் உண்டு. "மாவு பொங்கல", "இட்லி கல்லு மாதிரி இருக்குது", "மிக்சில அரைச்சா நல்லா வருது, இதுல வரல" என்ற மூன்று வரிகளில் பொதுவான சொல் எதுவும் இல்லை. ஆனால் மூன்றுக்கும் பதில் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்கிறது: உளுந்து எவ்வளவு பழையது, எவ்வளவு நேரம் ஊறியது, தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினார்களா அல்லது தெளித்துத் தெளித்து அரைத்தார்களா, மாவு சூடேறியதா. இவை ஒரே குவியல். தலைப்பு வைக்கும்போது, குவியலில் எந்த வாக்கியம் அதிகம் வந்திருக்கிறதோ அதைத் தலைப்பாக்கலாம். மற்ற வாக்கியங்களை வீடியோவின் தொடக்கத்தில் வாய்விட்டுச் சொல்லலாம். இட்லி கல்லைப் போல இருக்கிறது என்று தேடி வந்தவர், தான் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று முதல் சில நொடிகளிலேயே அறிந்துகொள்வார்.

பிரிப்பவர் தொழில் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணமும் இதுவே. எழுத மட்டும் தெரிந்தவரிடம் நோட்டைக் கொடுத்தால் சொல் ஒற்றுமையைப் பார்த்துத்தான் அடுக்குவார். மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் சில நூறு வரிகளும் இருபது, முப்பது குவியல்களாகிவிடும்.

எதை முதலில் எடுப்பது

குவியலில் எத்தனை வரி இருக்கிறது என்பது முதல் அளவுகோல். ஆனால் அது மட்டும் போதாது. எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டும் காரணங்கள் மூன்று உண்டு. ஒரே ஆள் பதில் கிடைக்கும் வரை ஐந்து முறை கேட்டிருக்கலாம். பெல்ட் மாற்றுவதைப் பற்றி ஒரு வீடியோ போட்டால் அதன் கீழ் பெல்ட் கேள்விகளாகவே குவியும். அதைப் பார்த்து இன்னொரு பெல்ட் வீடியோ போட்டால் இன்னும் குவியும். சில மாதங்களில் சேனல் முழுக்கப் பழுதுபார்ப்பவர்களுக்கானதாக மாறிவிடும். புதிதாக வாங்க வருபவர் அங்கே தனக்கு ஒன்றும் இல்லை என்று போய்விடுவார். மூன்றாவது, கமெண்ட் போடும் வழக்கமுள்ளவர்களும் கடைக்கு வந்து வாங்குபவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள் அல்ல. நோட்டில் "எந்த வழியாக வந்தது" என்ற பத்தி இதற்காகவே இருக்கிறது. ஒரு கேள்வி கமெண்ட்டில் முப்பது முறையும் கல்லாவில் ஒருமுறையும் வந்திருந்தால் ஒரு பொருள். கமெண்ட்டில் இரண்டு முறை, கல்லாவில் ஒன்பது, தொலைபேசியில் ஏழு என்று வந்திருந்தால் வேறு பொருள். எண்ணிக்கையில் சிறியதானாலும் இரண்டாவதே முந்த வேண்டும். பல வழிகளில் பரவி வரும் கேள்வி, ஒரே வழியில் குவிந்து வருவதைவிட நம்பகமானது.

அடுத்த அளவுகோல், பதில் கிடைக்காததால் கடைக்கு நேரும் இழப்பு. "டேபிள் டாப் வாங்கவா, டில்டிங் வாங்கவா" என்பதற்குப் பதில் தெரியாதவர் வாங்காமலே திரும்பிப் போகிறார். "புதுக் கிரைண்டரில் முதலில் என்ன அரைக்க வேண்டும்" என்று தெரியாதவர், கல் தூசியோடு மாவு அரைத்துவிட்டு, கோபத்தோடு திரும்பி வருகிறார். "பெல்ட் எந்த அளவு" என்று தெரியாதவர் ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துகொள்கிறார். முதல் இரண்டும் முந்த வேண்டும்.

மூன்றாவது, நல்ல பதில் ஏற்கெனவே எங்காவது கிடைக்கிறதா என்பது. இட்லி மாவுக்கு அரிசி–உளுந்து விகிதம் பற்றி ஆயிரம் வீடியோக்கள் உள்ளன. ஆனால் பெட்டியில் எழுதியிருக்கும் 2 லிட்டர் என்பது எத்தனை ஆழாக்கு அரிசி என்பதை டிரம்மில் அளந்து போட்டு, வழியாமல் அரைத்துக் காட்டுவது கடைக்காரருக்கு மட்டுமே எளிது. அவரிடம் எல்லா மாடலும் இருக்கின்றன. தன்னால் மட்டுமே காட்டக்கூடிய பதில் உள்ள கேள்வியே கடைக்கு முதல் சொத்து.

ஒரு கேள்வியிலிருந்து பல தலைப்பு

முப்பது குவியல் என்றால் முப்பது வாரம். அதற்குப் பிறகு? ஒவ்வொரு குவியலையும் கிளை பிரிப்பதில்தான் தொடர்ச்சி இருக்கிறது. அதற்கான வழி, கேள்விக்குக் கடைக்காரர் நேரில் எப்படிப் பதில் சொல்கிறார் என்று கவனிப்பது. "கிரைண்டர் என்ன விலைங்க வரும்?" என்று கேட்டால் எந்தக் கடைக்காரரும் உடனே ஒரு தொகையைச் சொல்வதில்லை. திருப்பிச் சில கேள்விகள் கேட்கிறார். வீட்டில் எத்தனை பேர்? வாரத்துக்கு எத்தனை முறை அரைப்பீர்கள்? மேடையில் வைக்கவா, தரையிலா? தேங்காய் துருவி, மாவு பிசையும் இணைப்பு வேண்டுமா? மாவு விற்பனைக்கா, வீட்டுக்கா?

கடைக்காரர் திருப்பிக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் தனித் தலைப்பு. வீட்டில் இருவர் மட்டும் இருந்தால் எந்த அளவு போதும். வாரம் ஒருமுறை மொத்தமாக அரைப்பவருக்கு எது. இரண்டு கல்லா, மூன்று கல்லா, விலை வித்தியாசம் எதற்கு. மேடை உயரமும் டேபிள் டாப்பின் உயரமும் சேர்ந்தால் டிரம்மைத் தூக்கி எடுக்க முடியுமா. தேங்காய் துருவி இணைப்பு தினமும் பயன்படுமா, அலமாரியில் தூங்குமா. வீட்டில் மாவு அரைத்து அக்கம்பக்கத்தில் விற்பவர் வீட்டு மாடலை வாங்கினால் மோட்டாருக்கு என்ன ஆகும். ஒரே விலைக் கேள்வியிலிருந்து ஆறு தலைப்புகள் வந்துவிட்டன. இந்த ஆறும் தயாரான பிறகு, விலை பற்றிய தாய் வீடியோவை எடுக்கலாம். அதில் ஒவ்வொரு மாடலுக்கும் இன்றைய விலை வரம்பைச் சொல்லி, ஏற்றுவதையும் இறக்குவதையும் விளக்கி, ஆறு கிளைகளுக்கும் வழி காட்டலாம். ரிவர் பூல்ஸ் விலைக் கட்டுரையின் அமைப்பும் இதுதான்.

விலை மாறும் என்ற அச்சத்தில் தொகையைச் சொல்லாமல் விடுவது தவறு. எண் எதுவுமே இல்லாத விலை வீடியோ, கேட்டவரை ஏமாற்றியதாகவே முடியும். எந்த மாதத்து விலை என்று சொல்லி, கீழே உள்ள விளக்கக் குறிப்பில் விலையை அவ்வப்போது திருத்திக்கொண்டே போனால் போதும்.

பழுது பற்றிய குவியல்களிலும் இதே முறை செல்லும். மெக்கானிக் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் வரிசையாக என்ன பார்க்கிறார் என்று கேட்டு எழுதினால், ஒவ்வொரு படியும் ஒரு குறு வீடியோவாகும். இங்கே ஓர் எல்லையும் உண்டு. மோட்டாரைக் கழற்றுவது, கெப்பாசிட்டரைத் தொடுவது போன்றவை வீட்டில் செய்யத் தக்கவை அல்ல. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். அத்தகைய கேள்விகளுக்கான வீடியோ, அறிகுறியை அடையாளம் காட்டி, மெக்கானிக்கை அழைக்கச் சொல்வதோடு நிற்க வேண்டும்.

மாதக் கணக்கு

நோட்டில் தேதி எழுதுவதன் பயன் ஓராண்டு முடிந்ததும் தெரியவரும். வரிகளை மாதவாரியாக எண்ணினால் கேள்விகள் பருவத்தோடு நகர்வது கண்ணில் படும். மார்கழி, தை மாதக் குளிரில் மாவு புளிக்கவில்லை என்பார்கள். சித்திரை, வைகாசியில் அதே மாவு ஒரே இரவில் புளித்துப் பொங்கி வழிகிறது என்பார்கள். கோடையில் மின்னழுத்தம் குறையும் பகுதிகளிலிருந்து உம்மென்ற முனகல் பற்றிய அழைப்புகள் கூடலாம். தீபாவளிக்கு முன்பும் திருமண மாதங்களிலும் எது வாங்குவது, பரிசாகக் கொடுக்க எது நல்லது என்ற கேள்விகள் வரும்.

இந்தக் கணக்கு கையில் இருந்தால், கேள்வி வருவதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பே பதிலை வெளியிட்டுவிடலாம். தேடுபொறியில் ஒரு புதிய பதிவு மேலே வரச் சில வாரங்கள் பிடிக்கக்கூடும் என்பதால் இந்த முன்கூட்டல் தேவையாகிறது. பழைய வீடியோவையே அந்தப் பருவத்தில் மீண்டும் வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்ந்தாலும் வேலை முடியும். ஆண்டு முழுவதற்குமான தலைப்புப் பட்டியலில் பாதியைப் பருவக் கேள்விகளே நிரப்பிவிடும். மீதிப் பாதியைக் கிளை பிரித்த குவியல்களிலிருந்து எடுக்கலாம். வாரம் ஒரு வீடியோ என்ற கணக்குக்கு இது தாராளம்.

பதில் போய்ச் சேர்ந்ததா

வீடியோ வெளியானதும் நோட்டில் அந்தக் கேள்விக்கு எதிரே வெளியான தேதியைக் குறிக்க வேண்டும். பிறகு வரும் மாதங்களில் அதே கேள்வி கல்லாவில் எத்தனை முறை வருகிறது என்று பார்க்க வேண்டும். பார்வைகளின் எண்ணிக்கையைவிட நம்பத்தக்க அளவு இது. கேள்வி குறைந்தால், பதில் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். பருவம் மாறியதால் குறைந்ததா என்பதை மட்டும் மாதக் கணக்கோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

குறையாவிட்டால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். கேட்பவர்களிடம் "இதைப் பற்றி வீடியோ போட்டிருக்கிறோமே, பார்த்தீர்களா" என்று கேட்டால் எது என்று விளங்கிவிடும். பார்க்கவே இல்லை என்றால் தலைப்பில் உள்ள சொல் அவர்கள் தேடும் சொல்லாக இல்லை, அல்லது வீடியோ அவர்கள் கண்ணில் படும் இடத்தில் இல்லை. நோட்டுக்குத் திரும்பி, வாய்மொழிச் சொல்லால் தலைப்பை மாற்ற வேண்டும். பார்த்தோம், ஆனால் புரியவில்லை என்றால் பதிலில் ஒரு படி விடுபட்டிருக்கிறது. அந்த வீடியோவின் கீழ் உள்ள கமெண்ட்டுகளில் எந்த நிமிடத்தைக் குறிப்பிட்டுக் கேட்கிறார்கள் என்று பார்த்தால் விடுபட்ட படி தெரியும். அந்தப் படியே அடுத்த வாரத் தலைப்பு. பார்த்தோம், புரிந்தது, ஆனாலும் உங்கள் வாயால் கேட்டுக்கொள்ளலாம் என்று வந்தோம் என்றால், அது நம்பிக்கை பற்றிய கேள்வி. ஏற்கெனவே வாங்கியவர்களின் அனுபவத்தைக் காட்டும் வீடியோ அதற்குப் பதிலாகும்.

சில கேள்விகளுக்கு வீடியோ போடுவதே தவறு. சுவிட்சை எந்தப் பக்கம் திருப்புவது என்று வாங்கியவர்களில் பலரும் கேட்டால், அந்தச் சுவிட்சின் மேல் ஒரு குறி ஒட்டுவதே சரியான பதில். கல் தாங்கி எப்படிப் பூட்டுவது என்று திரும்பத் திரும்பக் கேட்டால், விற்கும்போதே ஒருமுறை பூட்டிக் காட்டி, வாடிக்கையாளரையும் பூட்டச் சொல்லிப் பார்க்கலாம். பொருளிலோ சேவையிலோ திருத்த வேண்டியதை வீடியோவால் மூடி மறைத்தால், அந்தக் கேள்வி ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். எனவே ஒவ்வொரு குவியலையும் தலைப்புப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன், இந்தக் கேள்வியே எழாமல் செய்ய வழி உண்டா என்று பார்த்துவிட வேண்டும். வழி உண்டென்றால் அந்த வரி தயாரிப்பாளருக்கோ விற்பனையாளருக்கோ போக வேண்டும்.

இந்த முறையைக் கெடுக்கும் இன்னொரு பழக்கம், கேள்விகளைக் கற்பனையாகத் தயாரிப்பது. நோட்டு எழுதுவது சலித்துப்போனதும், "வாடிக்கையாளர் இதைத்தான் கேட்பார்" என்று மேசையில் உட்கார்ந்தே பட்டியல் போடத் தோன்றும். அப்படி வந்த தலைப்புகளை எளிதில் அடையாளம் காணலாம். அவற்றில் கடையின் சொற்கள் இருக்கும், கேட்டவரின் சூழல் இருக்காது. "எங்கள் கிரைண்டரின் சிறப்பம்சங்கள் என்ன" என்று எந்த வாடிக்கையாளரும் கல்லாவில் கேட்டதில்லை. தலைப்பை அங்கீகரிப்பதற்கு முன், நோட்டில் அது எந்தத் தேதியில், எந்த வழியாக வந்தது என்று காட்ட வேண்டும் என்ற ஒரே விதி இதைத் தடுத்துவிடும்.

வேலைப் பங்கீடு இப்படி அமையலாம். கேட்டதும் எழுதுவது கல்லாவில் இருப்பவருக்கும் மெக்கானிக்குக்கும் அன்றாட வேலை. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் கமெண்ட் வாசித்து நோட்டில் ஏற்றுவது ஒருவர் பொறுப்பு. மாதம் ஒருமுறை மெக்கானிக்கோடு உட்கார்ந்து புதிய வரிகளைக் குவியல்களில் சேர்த்து, அடுத்த நான்கு தலைப்புகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மாதக் கணக்கைப் பார்த்துப் பருவத் தலைப்புகளை முன்கூட்டியே இடம் குறிக்க வேண்டும்.